ஃபுல் டவராம், வெங்காயம்!

மாடியில் நின்றால் போனில் நாலு கோடும் நிற்கிறது. ஆனால் பணம் அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், "சார், உங்க ஏரியால சிக்னல் ஃபுல்லா இருக்கே?" என்கிறார்கள். அந்தக் கோட்டை வைத்து நாக்கா வழிக்க முடியும்?

கோடு பெரும்பாலும் சொல்வது RSRP என்ற ஒன்றைத்தான். அதாவது, டவரிலிருந்து வரும் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது. அதோடு சேர்ந்து வரும் குப்பையைவிட, அதாவது மற்ற டவர்களின் இரைச்சலைவிட, அது எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பதைச் சொல்வது SINR. ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் *#*#4636#*#* அடித்தால் இந்த எண்கள் தெரியும். ஐபோனில் *3001#12345#*.

என் மாடியில் RSRP -83, அருமையான பலம். SINR? பூஜ்யம்! பூஜ்யம் டெசிபல் என்றால் சிக்னலும் குப்பையும் சரிக்குச் சமம். பின்பக்க அறைக்குப் போனால் RSRP -103 ஆகிறது, அதாவது பலம் நூறில் ஒரு பங்கு. கோடும் குறைகிறது. ஆனால் SINR 15. நொடிக்கு உச்சமாக எவ்வளவு தகவல் போகும் என்று சொல்லும் ஷானன் சூத்திரத்தை 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் போட்டுப் பாருங்கள். C அந்த உச்சம், B அகலம். S/N-க்கு டெசிபலை அப்படியே போடாமல் மடங்காக்கிப் போட வேண்டும்: 0 டெசிபல் என்றால் 1, 15 என்றால் சுமார் 32.

```
C = B × log2(1 + S/N)
```

மாடியில் உச்ச வரம்பே நொடிக்கு 10 மெகாபிட். பின்னறையில் சுமார் 50! கோடு குறைந்த இடத்தில்தான் நெட் ஓடுகிறது.

காரணம் ஒன்றும் மாயமில்லை. 4ஜி டவர்கள் பக்கத்துப் பக்கத்தில் அதே அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. மாடியிலிருந்து மூன்று டவர் நேராகத் தெரிகிறது. ஆடி மாதம் மூன்று தெருவிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஆளுக்கொரு பாட்டுப் போட்டால் எது புரியும்? சத்தத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. பின்னறையில் சுவர்கள் இரண்டு டவரை மறைத்துவிடுகின்றன, மிச்சம் ஒன்று தெளிவாகக் கேட்கிறது.

இதற்குப் 'பூஸ்டர்' வாங்கிப் போடச் சொல்கிறார் கடைக்காரர். அது குப்பையையும் சேர்த்துத்தான் பெருக்கும் ஐயா! கோடு ஏறும், SINR ஏறாது. இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம் வேறு.

SINR நன்றாக இருந்தும் ராத்திரி ஒன்பது மணிக்கு நெட் ஊர்ந்தால், டவரில் கூட்டம் என்று அர்த்தம். அதை இந்த எண்ணும் சொல்லாது. சரி, அது வேறு வியாதி என்றாவது தெரியும்.

கோட்டுக்கு உலகப் பொது அளவே கிடையாது, எத்தனை கோடு காட்டுவது என்பதில் தயாரிப்பாளரும் நெட்வொர்க்கும் வைத்ததே சட்டம். 2010-ல், கையில் பிடித்தாலே சிக்னல் விழுந்த ஐபோன் 4 பிரச்சினையின்போது, பல இடங்களில் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டியதாக ஆப்பிளே ஒத்துக்கொண்டது. கோடு போடும் சூத்திரமே தப்பாம்! SINR-ஐப் போன் உள்ளுக்குள் ஓயாமல் அளந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணாகப் போடுவதற்கு என்ன கேடு இவர்களுக்கு?