மூன்று சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுத்த மகராசனுக்கு

ஆறரை சதவீதமாம். போன மாத ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில், பச்சை நிறத்தில், கொட்டை எழுத்தில், ‘மொத்த சிடிஆர் 6.5%’. அதை நான் போடவில்லை. ஆனால் கிளையண்ட் போன் செய்தது எனக்கு.

அவர் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். கூகுள் விளம்பரம் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் தினமும் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர். "தம்பி, ஆறரை சதவீதம்னா விளம்பரம் நூறு தடவை காட்டினதுல ஆறேழு தடவை அமுக்கியிருக்காங்கன்னுதானே அர்த்தம்? அஞ்சு லட்சம் தடவை காட்டினோம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ முப்பத்திரண்டாயிரம் கிளிக் வந்திருக்கணுமே? கீழே மூவாயிரத்து சொச்சம்னு போட்டிருக்கே, மிச்சம் எங்கே?"

மிச்சம் எங்கே! நான் என்ன சொல்ல? எங்கள் ஆபீஸில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றாத கேள்வியை அந்த மனுஷன் வாய்க்கணக்காகவே போட்டுக் கேட்டுவிட்டார். "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்று போனை வைத்துவிட்டு ஷீட்டைத் திறந்தால், அந்தக் கட்டத்துக்குள் இது உட்கார்ந்திருக்கிறது:

```
=AVERAGE(D2:D4)
```

தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அவருக்கு ஓடியது மூன்று கேம்பெயின். முதலாவது கடையின் பெயரையே தட்டித் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரம்: 2,000 இம்ப்ரெஷன், அதாவது அத்தனை தடவை திரையில் காட்டியது, அதில் 300 கிளிக், 15%. கடைப் பெயரை அடித்தவன் கடையைத்தானே அமுக்குவான், இதில் நம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. இரண்டாவது ‘தேக்கு கட்டில் விலை’ மாதிரிப் பொதுவாகத் தேடுகிறவர்களுக்கு: 18,000 இம்ப்ரெஷன், 720 கிளிக், 4%. மூன்றாவது டிஸ்ப்ளே, கண்ட கண்ட தளங்களில் ஓரத்தில் வந்து நிற்கும் படம்: 4,80,000 இம்ப்ரெஷன், 2,400 கிளிக், 0.5%. இந்தப் பதினைந்தையும் நாலையும் அரையையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பத்தொன்பதரையை ஆறரை ஆக்கியிருக்கிறார்கள். இரண்டாயிரம் தடவை காட்டியதற்கும் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியதற்கும் ஒரே ஓட்டு!

கிளிக்கை எல்லாம் கூட்டினால் 3,420. இம்ப்ரெஷனை எல்லாம் கூட்டினால் 5,00,000. வகுத்தால் 0.684%. ஆறரை எங்கே, முக்காலுக்கும் குறைவான இது எங்கே? கிட்டத்தட்ட பத்து மடங்கு. இதைக் ‘கணக்கில் சின்ன வித்தியாசம்’ என்று சொன்ன மகராசனுக்குச் சம்பளத்தில் ஒரு மாதம் அந்தச் சின்ன வித்தியாசத்தைக் காட்டிப் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட் பார்க்கிற கூட்டம்தானே நாம்? ஒருவன் 2 பந்தில் 10 ரன் அடிக்கிறான், ஸ்ட்ரைக் ரேட் 500. இன்னொருவன் 50 பந்தை விழுங்கி 40 எடுக்கிறான், ஸ்ட்ரைக் ரேட் 80. இருவரும் சேர்ந்து 290 ஸ்ட்ரைக் ரேட்டில் ஆடினார்கள் என்று யாராவது சொன்னால் டிவி மேல் செருப்பு பறக்கும். 52 பந்தில் 50 ரன், அவ்வளவுதான். அங்கே பளிச்சென்று தெரிவது ஷீட்டைத் திறந்ததும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ!

சரி, மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "வெயிட்டேஜ் குடுக்கணும்னு சொல்றே, அவ்வளவுதானே? செலவை வெச்சு குடு" என்றார். ஐயா, சிடிஆர் என்பதே கிளிக்கை இம்ப்ரெஷனால் வகுத்து வருவது. எதால் வகுத்தோமோ அதுதான் எடை. மொத்த இம்ப்ரெஷனில் முதல் கேம்பெயினின் பங்கு 0.4%, இரண்டாவதற்கு 3.6%, டிஸ்ப்ளேவுக்கு 96%. அந்தந்த சிடிஆரை அந்தந்தப் பங்கால் பெருக்கினால் 0.06, 0.144, 0.48. கூட்டினால் அதே 0.684. செலவை எடையாக வைத்தால் வேறு ஏதோ ஒரு எண் வரும், அது எந்தக் கேள்விக்கும் பதில் கிடையாது. கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் வாங்குவது மாதிரி ஏதாவது செய்தார்கள் என்று பார்க்கும் கன்வெர்ஷன் ரேட் என்றால் வகுப்பது கிளிக்கால், அங்கே கிளிக்தான் எடை. ஷீட்டில் எழுத வேண்டியது இவ்வளவே, பி-யில் இம்ப்ரெஷன், சி-யில் கிளிக்:

```
=SUM(C2:C4)/SUM(B2:B4)
```

இதில் இன்னொரு கூத்து. யாராவது விளையாட்டாக ஒரு குட்டி கேம்பெயின் போட்டு, அது 40 தடவை காட்டப்பட்டு 8 கிளிக் வாங்கினால் அதன் சிடிஆர் 20%. அந்த வரியையும் சேர்த்தால் AVERAGE 6.5-லிருந்து 9.88-க்குத் தாவும். எட்டே எட்டு கிளிக்கில்! உண்மையான மொத்தம் 0.684-லிருந்து 0.686 ஆகும், அவ்வளவுதான். அதாவது நல்ல பெயர் வாங்க விளம்பரத்தைத் திருத்தவே வேண்டாம், கேம்பெயினைத் துண்டு துண்டாக வெட்டினால் போதும். இதைத் தெரிந்தே செய்கிறவர்கள் இருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம், அது இருக்கட்டும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இம்ப்ரெஷனால் எடை போட்ட எண்ணும் தனியாக நின்றால் ஏமாற்றும். இந்த மாதம் ஆடித் தள்ளுபடிக்காக டிஸ்ப்ளேவை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றினோம். கடைப் பெயர் விளம்பரம் அதே 2,000 இம்ப்ரெஷனுக்கு 320 கிளிக், 16%. பொதுத் தேடல் அதே 18,000-க்கு 810, 4.5%. டிஸ்ப்ளே 9,80,000-க்கு 5,390, அதாவது 0.55%. மூன்றுமே ஏறியிருக்கின்றன. ஆனால் மொத்தம்? 10,00,000 இம்ப்ரெஷனுக்கு 6,520 கிளிக், 0.652%. இறங்கியிருக்கிறது! எதுவும் கெட்டுப்போகவில்லை. சிடிஆர் குறைவாக உள்ள டிஸ்ப்ளேவின் பங்கு 96-லிருந்து 98 ஆனது, அது மொத்தத்தைக் கீழே இழுத்தது. புள்ளியியல்காரர்கள் இதைச் சிம்ப்ஸன் முரண் என்பார்கள், எட்வர்ட் சிம்ப்ஸன் 1951-இல் இதைப் பற்றி எழுதினார், அவருக்கு முன்பே யூல் என்பவர் தொட்டுக்காட்டிவிட்டார். அதனால் மொத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே மூன்று கேம்பெயினையும் அவற்றின் இம்ப்ரெஷன் பங்கோடு போடச் சொல்கிறேன். தேடலையும் டிஸ்ப்ளேவையும் ஒரே எண்ணில் அடைப்பதே எனக்குப் பிடிக்காது, ஆனால் கிளையண்டுக்கு ஒரு எண் வேண்டுமாம்.

"அப்போ சாதா சராசரி எதுக்குமே ஆகாதா?" என்று பக்கத்து சீட் தம்பி கேட்டான். எல்லா கேம்பெயினுக்கும் இம்ப்ரெஷன் ஒரே அளவு என்றால் இரண்டும் ஒரே விடைதான் தரும். ஒரு கேம்பெயினை ஒரு ஆளாக வைத்து, ‘நம் கேம்பெயின்கள் பொதுவாக எப்படி ஓடுகின்றன’ என்று கேட்டால் அதையும் பார்க்கலாம், ஆனால் அதன் தலைக்கு மேல் ‘மொத்தம்’ என்று எழுதக் கூடாது. கூகுள் ஆட்ஸ் திரையின் கடைசி வரியில் மொத்தம் சரியாகத்தான் வருகிறது. அதை எக்ஸ்போர்ட் செய்து, அந்த வரியை அழித்துவிட்டு, நாமே AVERAGE போட்டுக் கெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

கிளையண்டிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார், அதோடு சரி. இந்த மாத ரிப்போர்ட்டை நானே செய்து, 0.652% என்று போட்டு, மூன்று கேம்பெயினையும் கீழே பிரித்துக் காட்டி நேற்று இரவு அனுப்பினேன். காலையில் மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ்:

"சிடிஆர் ஒரே மாசத்துல பத்துல ஒரு பங்கா விழுந்திருக்கு. என்னப்பா பண்ணி வெச்சிருக்கே?"