காசும் போச்சு, புளூ டிக்கும் போச்சு

எக்ஸ், இன்ஸ்டாகிராம் மாதிரித் தளங்களில் மாசாமாசம் காசு கொடுத்து வாங்கும் புளூ டிக் ஒரு நாள் திடீரென்று காணாமல் போகும். என்ன ஏது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினால் "ஆப் ஸ்டோரைக் கேளுங்கள்" என்பார்கள். ஸ்டோரைக் கேட்டால் "ஆப் கம்பெனியைக் கேளுங்கள்" என்பார்கள். காசு வாங்கும்போது மட்டும் ரெண்டு பேரும் ஒற்றுமை. டிக் போனதும் ஆளுக்கொரு திசை. இப்படிப் பந்தாடப்படுவதற்கும் நாம்தான் சந்தா கட்டுகிறோம்!

இந்தக் கூத்துக்குக் காரணம் ஒன்றுதான். ஆப்புக்குள் சந்தா எடுத்தால் உங்களிடம் காசு வாங்குவது தளம் இல்லை, ஆப்பிளோ கூகுளோதான். உங்கள் கார்டு எது, ஏன் மறுக்கப்பட்டது என்பதெல்லாம் தளத்துக்குத் தெரியவே தெரியாது. "இந்தச் சந்தா உயிரோடு இருக்கிறது", "முடிந்துவிட்டது" என்பது போலச் சந்தாவின் நிலை பற்றிய தகவல்தான் ஸ்டோரிலிருந்து அங்கே போகும். அதைப் பார்த்து டிக்கைப் போடுவதும் எடுப்பதும்தான் அவர்கள் வேலை. அதனால் தளத்தின் செட்டிங்ஸில் கார்டு மாற்றும் இடத்தை மணிக்கணக்காகத் தேடினாலும் கிடைக்காது. அங்கே அது இல்லை.

நீங்கள் எந்த வழியில் கட்டுகிறீர்கள் என்று நினைவில்லையா? வங்கிக் கணக்கு அறிக்கையைப் பாருங்கள். APPLE.COM/BILL என்று இருந்தால் ஆப்பிள் வழி. GOOGLE என்று தொடங்கினால் பிளே ஸ்டோர். நேரடியாகத் தளத்தின் பெயர் இருந்தால் வெப், அதாவது பிரவுசரில் கட்டியது. ரசீது மெயில் யாரிடமிருந்து வந்தது என்பதும் இதையே சொல்லும்.

இப்போது விலைக்கு வருவோம், வயிறு எரிவது இங்கேதான். 2022 டிசம்பரில், எக்ஸ் இன்னும் டுவிட்டராக இருந்த காலத்தில், அதன் டிக் சந்தாவான டுவிட்டர் புளூ மறுபடி வந்தபோது வெப்பில் 8 டாலர், ஐபோன் ஆப்பில் 11 டாலர். 2023இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் டிக்குக்கான மெட்டா வெரிஃபைடு வந்தபோது வெப்பில் 11.99, ஆப்பில் 14.99. அதே டிக், அதே வசதி. ஆப்பிளின் வழக்கமான கமிஷன் 30 சதவீதம். 11 டாலரில் அதைக் கழித்தால் கம்பெனி கைக்கு 7.70 வரும். வெப்பில் கிடைப்பதும் ஏறத்தாழ அதுதான். ஆக, கூடுதலாக அழும் 3 டாலர் ஸ்டோரின் பங்கு, நம் தலையில் கட்டப்பட்டது. சரி, வெப்பில் விலை குறைவு என்று ஆப்புக்குள்ளேயே ஒரு வரி போட்டால் என்ன? ஆப்பிளின் விதிகள் வெகுகாலம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எபிக் கேம்ஸ் என்ற கேம் கம்பெனி ஆப்பிள் மேல் போட்ட வழக்கில் 2025 ஏப்ரலில் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் அமெரிக்க ஸ்டோரில் அந்தக் கதவு திறந்தது.

விலையாவது போகட்டும். பணம் எடுக்க முடியாமல் போனால் நடப்பதுதான் உண்மையான அநியாயம். கார்டு காலாவதி, கணக்கில் பணமில்லை, வங்கி மறுப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். ஆப்பிள் உடனே கைவிடாது, 60 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். அந்த நாட்களில் டிக் இருக்குமா? அது தளத்தைப் பொறுத்தது. சலுகைக் காலம் என்று ஒரு வசதியை ஆப்பிள் தருகிறது. 3, 16, 28 நாள் என்று கம்பெனி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அது முடியும்வரை சேவை நிற்காது. கம்பெனி அதை இயக்கவில்லை என்றால், பழைய தவணை முடிந்த அன்றே டிக் காலி. கூகுளிலும் சலுகைக் காலம் உண்டு. அது முடிந்தால் சந்தாவை முடக்கி வைத்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்கும். ஒரு சுவிட்சைப் போட்டுவைத்தால் தீரும் விஷயத்துக்கு எத்தனை பேர் அலைகிறார்கள்!

இதை நன்றாகக் கவனியுங்கள்: டிக் போய்விட்டது, ஆனால் சந்தா சாகவில்லை. பொறி இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆப்பிள் வழியாக 11 டாலர் சந்தா, ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி புதுப்பிப்பு. கார்டு காலாவதியானதால் பணம் எடுக்க முடியவில்லை, டிக் போய்விட்டது. "எப்படியும் வெப்பில் விலை குறைவுதானே" என்று 12ஆம் தேதி பிரவுசரில் போய் 8 டாலர் கட்டுகிறீர்கள். தளத்தின் பார்வையில் உங்களுக்குச் சந்தா இல்லை என்பதால், பெரும்பாலும் அது மறுபேச்சில்லாமல் காசை வாங்கிக்கொள்ளும். டிக்கும் வந்துவிடும். 25ஆம் தேதி வேறு எதையோ வாங்க ஆப்பிள் கணக்கில் புதுக் கார்டைச் சேர்க்கிறீர்கள். 60 நாள் முடியவில்லை அல்லவா? ஆப்பிள் அந்தக் கார்டிலிருந்து பழைய சந்தாவுக்கான 11 டாலரை எடுத்துவிடும். ஒரு டிக்குக்கு 19 டாலர்! அடுத்த மாதம் 12ஆம் தேதி ஒன்று, 25ஆம் தேதி ஒன்று என்று இரண்டும் தனித்தனியாக ஓடும். முடங்கிய பிறகு மீளும் சந்தாவுக்கு, பணம் எடுத்த நாளே புதிய தவணைத் தேதி ஆகிவிடும். தேதி வேறு, தொகை வேறு, பெயர் வேறு என்பதால் இது சட்டென்று கண்ணில் படவும் படாது.

அதனால் வெப்புக்கு மாறுவதென்றால் முதலில் ஸ்டோர் சந்தாவைக் கொல்லுங்கள். ஐபோனில் Settings, அதில் உங்கள் பெயர், அதில் Subscriptions. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு Payments & subscriptions, அதில் Subscriptions. பணம் கட்டாமல் தொங்கும் சந்தாவையும் அங்கே ரத்து செய்யலாம். ரத்து ஆனதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் பிரவுசரைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் மேலே சொன்ன கதைதான். மாற விருப்பமில்லை என்றால் வெப் பக்கமே போகாதீர்கள். அதே இடத்தில் பணம் கட்டும் முறையைச் சரிசெய்தால் பழைய சந்தாவே உயிர் பெறும்.

ஏற்கெனவே இரண்டு முறை போய்விட்டதா? ஆப்பிள் எடுத்ததை reportaproblem.apple.com முகவரியில்தான் கேட்க வேண்டும். தளத்திடம் எத்தனை மெயில் போட்டாலும் ஆப்பிள் வசூலித்த காசை அவர்களால் திருப்பித் தர முடியாது. இந்த ஒரு வரியை முதல் பதிலிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெப் வழியும் சொர்க்கமில்லை. புதுப்பிக்கும் நேரத்தில் வங்கி மறுபடி உங்கள் ஒப்புதலைக் கேட்டால், அந்த நேரத்தில் ஓடிபி போட அங்கே யாரும் இல்லை. ஒப்புதல் இணைப்போடு ஒரு மெயில் வந்து, விளம்பர மெயில்களுக்கு நடுவே கிடக்கும். அதைத் தொடாதவரை பணமும் போகாது, டிக்கும் தங்காது. ஆனால் ஒன்று, இங்கே கார்டை மாற்றும் இடமும் ரத்து செய்யும் இடமும் தளத்துக்குள்ளேயே இருக்கும். பேச வேண்டியது ஒரே ஆளிடம்.

இன்னொன்று: பணம் ஒழுங்காகப் போயிருந்தும் டிக் இல்லையா? எக்ஸ் தளத்தில் பெயரையோ படத்தையோ யூசர்நேமையோ மாற்றினால், மறுபடி சரிபார்க்கும்வரை டிக் மறையும். அது பில்லிங் கோளாறு இல்லை, அதற்காகச் சந்தாவை ரத்து செய்துவிட்டு மறுபடி கட்டித் தொலைக்காதீர்கள். வெறுத்துப்போய் ஆப்பை அழித்தாலோ, கணக்கையே மூடினாலோகூட ஸ்டோர் சந்தா நிற்காது. கணக்கே இல்லாத ஆளுக்கும் மாதாமாதம் பில் வரும்!