பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையும் பீரங்கியும்

"பீரங்கி வந்ததும் கோட்டைக்கு வேலை போச்சு. பாளையக்காரர்கள் தோற்றது அதனால்தான்."

பாதி சரி, தம்பி. 1799-இல் இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை, 1801-இல் ஊமைத்துரை ஆட்கள் சில நாட்களில் மண்ணாலேயே திரும்ப எழுப்பினார்கள். மார்ச் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிப் பீரங்கிகள் சுவரில் உடைப்பு உண்டாக்கின. ஆனால் அதில் ஏறிய சிப்பாய்களை உள்ளே காத்திருந்தவர்கள் நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள். தாக்குதல் தோற்றது.

இதே விவாதத்தில் ஒரு அக்கா தன் பண்ணைக்காட்டு வீட்டு மண்சுவரைப் பற்றி எழுதியிருந்தார்: கடப்பாரையால் இடித்தால் ஓட்டைதான் விழும், விரிசல் ஓடாது என்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துத்தான் சொன்னார், ஆனால் விஷயமே அதுதான். கல் சுவர் சிதறும், மண் சுவர் பீரங்கிக் குண்டை விழுங்கிக்கொள்ளும்.

அப்புறம் கர்னல் அக்னியூ கூடுதல் படையோடும் கனத்த பீரங்கிகளோடும் வந்து, மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. பீரங்கி இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் இரண்டு மாதம் வெடிமருந்தும் குண்டும் மாடும் சம்பளமும் தொடர்ந்து அனுப்ப வரிப்பணம் வேண்டும். கம்பெனியை எதிர்த்த இன்னொரு பாளையக்காரரான விருப்பாச்சி கோபால நாயக்கரிடம் அந்த அளவுக்கு வருமானம் ஏது? பணமா பீரங்கியா, எது முதல் என்று பழனி அண்ணன் கேட்டதற்கு என்னிடம் முடிவான பதில் இல்லை. ஜெயித்த கையோடு பாளையங்களின் ஆயுதங்களைக் கம்பெனி பறித்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.