38+25=513 எழுதுற பிள்ளைக்கு

“கூட்டலுக்கு கோடு புள்ளி வரையிறதெல்லாம் டைம் வேஸ்ட், நேரா கீழ கீழ எழுதி ‘மேல ஒண்ணு போடு’ன்னா போதும்”னு ஒரு அண்ணன் சொல்லியிருக்காரு.

அப்படி இல்லண்ணே. தக்கலையில எனக்க டியூசன்ல ஒரு பய 38-ம் 25-ம் கூட்டி 513-னு எழுதுனான், எட்டும் அஞ்சும் 13, மூணும் ரெண்டும் 5, அவனுக்க கணக்குல தப்பே இல்ல பாருங்க. அதையே பத்துக்கு ஒரு கோடு, ஒண்ணுக்கு ஒரு புள்ளின்னு 5 கோடு, 13 புள்ளியா வரைய வச்சு, பத்து புள்ளிய வட்டம் போட்டு அடிச்சிட்டு பதிலுக்கு ஒரு கோடு போட சொன்னேன், 6 கோடு 3 புள்ளி, 63-னு அவனே சொன்னான். அந்த புதுக்கோடுதான் நீங்க மேல போடுற ஒண்ணு. சிலது புள்ளிய அடிக்க மறந்து பத்த ரெண்டு தடவ எண்ணும், அத பாத்துக்கணும்.

அதுக்காக வருசம் பூரா வரைய வேண்டாம், படத்துக்கு பக்கத்துலயே கீழ கீழயும் எழுத வைக்கணும். எப்ப படத்த நிறுத்தணும்ங்கது மட்டும் பிள்ளைக்கு பிள்ளை மாறுது.