ஜப்பானிய, சீன அலகுச் சொற்களை ஆங்கிலத்தில் என்ன செய்வது?

ஜப்பானிய மொழியிலும் சீனத்திலும் பொதுவாக எண்ணையும் பொருளின் பெயரையும் நேரடியாக ஒட்டவைத்துப் பேச முடியாது. இரண்டுக்கும் நடுவே, எண்ணப்படும் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டும் ஒரு சிறு சொல் வந்தாக வேண்டும். பென்சில், பாட்டில், மரம் போன்ற நீண்ட பொருள்களுக்கு ஜப்பானியர் 'ஹொன்' என்பார்கள். அதுவே எண்ணுக்கேற்ப இப்பொன், நிஹொன், சம்பொன் என்று ஒலி மாறும். காகிதம், தட்டு, சட்டை ஆகியவற்றுக்கு 'மாய்', சிறிய விலங்குகளுக்கு 'ஹிக்கி', மாடு போன்ற பெரியவற்றுக்கு 'தோ'. சீனத்தில் மேசை, படுக்கை, காகிதம் எல்லாவற்றுக்கும் 'ஜாங்'. ஆறு, சாலை, மீன், கால்சட்டை ஆகியவற்றுக்குத் 'தியாவ்'. இவற்றை இந்தப் பதிவில் அலகுச் சொற்கள் என்றே அழைக்கிறேன்.

இந்த மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர்களிடம் இரண்டு பழக்கங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். புதிதாக வருபவர்கள் அலகுச் சொல்லை விட்டுவிட மனமில்லாமல், சட்டைக்கு முன்னால் 'ஷீட்', மீனுக்கு முன்னால் 'பீஸ்' என்று எதையாவது நுழைத்து வைக்கிறார்கள். சற்று அனுபவம் வந்தவர்கள், இது வெறும் இலக்கண ஒட்டுதான் என்று முடிவுகட்டி, எங்கே பார்த்தாலும் வெட்டி எறிகிறார்கள். முதல் பழக்கம் வாசிக்க உறுத்துவதால் யாராவது திருத்திவிடுவார்கள். இரண்டாவது பழக்கத்தில் வாக்கியம் சரளமாகவே இருக்கும், ஆனால் மூலத்தில் இருந்த ஒரு செய்தி அதில் இருக்காது. மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பவர் தவிர வேறு யாருக்கும் அது தெரியவும் வராது. அதனால்தான் இரண்டாவதையே பெரிய குறையாகக் கருதுகிறேன்.

தமிழர்களுக்கு இது ஓரளவு பழக்கப்பட்ட விஷயம்தான். 'மூன்று பேர் வந்தார்கள்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்தப் 'பேர்' என்ற சொல்லுக்கு நிகர் தேடி யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை; வந்தவர்கள் மனிதர்கள் என்று மட்டும் தெரியவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஜப்பானிய, சீன அலகுச் சொற்களிலும் பெரும்பகுதியை அப்படித்தான் கையாள வேண்டும். பெயர்ச்சொல் ஏற்கெனவே சொல்லிவிட்டதையே அலகுச் சொல்லும் சொல்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. 'நான்கு மாய் சட்டை' என்றால் சட்டை தட்டையானது என்பதைத் தவிர மாய் வேறொன்றும் சொல்லவில்லை; 'ஃபோர் ஷர்ட்ஸ்' போதும். 'மூன்று தோ மாடு' என்பது வீட்டுக் கதையில் 'த்ரீ கௌஸ்' ஆகும். அதையே கால்நடைச் சந்தை பற்றிய கட்டுரையில் 'த்ரீ ஹெட் ஆஃப் கேட்டில்' என்று எழுதலாம். ஆனால் மூலத்தில் 'தோ' இருக்கிறது என்பது அதற்குக் காரணமல்ல, ஆங்கில மாட்டு வியாபாரி அப்படிப் பேசுவார் என்பதுதான் காரணம்.

ஒரே அலகுச் சொல்லை ஓரிடத்தில் விட வேண்டியிருக்கும், இன்னோரிடத்தில் விடவே கூடாது. சீனத்தில் 'ஜி' என்ற சொல் பூனைக்கும் பறவைக்கும் வரும். இணையாக இருப்பவற்றில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லும்போதும் வரும். 'ஒரு ஜி பூனை' என்பதில் ஜி வெறும் ஒட்டு. 'ஒரு ஜி செருப்பு' என்பதில் அது சாட்சி: ஆற்றங்கரையில் கிடந்தது ஒற்றைச் செருப்பு, சோடி அல்ல. துப்பறியும் கதையில் அதை 'எ சிங்கிள் ஷூ' என்று எழுதாவிட்டால் வாசகர் ஒரு தடயத்தை இழக்கிறார். சோடி விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கால்சட்டையையும் கத்தரிக்கோலையும் சீனம் ஒன்றாகவே எண்ணும். அங்கே 'பேர் ஆஃப்' என்று சேர்ப்பது ஆங்கிலத்தின் தேவைதான். ஜப்பானியத்தில் சாப்பாட்டுக் குச்சிகளுக்கு வரும் 'ஸென்' என்பது சோடியைக் குறிக்கும். மூன்று ஸென் என்றால் ஆறு குச்சிகள். அதே 'ஸென்' சோற்றோடு வந்தால் ஒரு கிண்ணம் சோறு.

பொருளின் பெயரே இல்லாமல் அலகுச் சொல் மட்டும் நிற்கும் வாக்கியங்கள்தாம் எனக்கு மிகவும் பிடித்தவை. ஜப்பானில் வேலை முடிந்து நண்பர்கள் குடித்துவிட்டு வெளியே வருகிறார்கள்; ஒருவர் 'மோ இக்கென் இகோ' என்கிறார். 'கென்' என்பது வீடு, கடை போன்றவற்றை எண்ணும் சொல். வாக்கியத்தில் மதுக்கடை என்ற சொல் கிடையாது. 'இன்னும் ஒரு கென் போகலாம்' என்பதுதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'லெட்ஸ் ஹிட் ஒன் மோர் பார்' என்று பெயரையும் சேர்த்து வினையையும் பேச்சுத் தொனிக்கு மாற்றினால் வாக்கியம் உயிரோடு இருக்கும். ரயிலுக்கும் இதே கதைதான். வந்துபோகும் வண்டிகளை 'ஹொன்' கொண்டு எண்ணுவதால், 'தோக்கியோவிலிருந்து இப்பொன்னில் போகலாம்' என்பார்கள். ஒரே வண்டியில், வழியில் மாறாமல் போகலாம் என்று பொருள். 'ஒன் ட்ரெயின்' என்று எழுதினால் தவறில்லை, ஆனால் ஆங்கிலம் பேசுபவர் இயல்பாகச் சொல்வது 'வண்டி மாறத் தேவையில்லை' என்பதைத்தான். அலகுச் சொல் இங்கே வினைச்சொற்றொடராகவே மாறிவிடுகிறது.

சற்றுக் கடினமான ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு விரிவாகப் பார்ப்போம். தங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது ஜப்பானியர் 'ஃபுதாரி தொ இப்பிக்கி' என்று சொல்வதுண்டு. 'ஃபுதாரி' மனிதர் இருவர். 'இப்பிக்கி' விலங்கு ஒன்று. பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் குடும்பத்தின் படம் முழுவதும் வந்துவிட்டது. ஒரு சிறுகதை இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலங்கு நாயா, பூனையா என்று 'ஹிக்கி' சொல்லாது. ஆங்கிலமோ ஏதேனும் ஒரு பெயர்ச்சொல்லைக் கேட்கும். எனவே மொழிபெயர்ப்பவர் முதல் வரியைத் தொடுவதற்கு முன் கதையை இறுதிவரை படித்திருக்க வேண்டும். பின்னால் பூனை என்று தெரிகிறது, அதை மறைத்துவைப்பதில் ஆசிரியருக்கு எந்த நோக்கமும் இல்லை என்றால், முதல் வரியிலேயே 'த டூ ஆஃப் அஸ் அண்ட் எ கேட்' என்று எழுதிவிடலாம். மறைப்பது கதைக்குத் தேவை என்றால் 'பெட்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் கதையின் பிற்பகுதியில், மனைவி நோயில் படுத்த பிறகு, கணவர் அதே வீட்டைப் பற்றி 'சன்னின்' என்கிறார் என்று கொள்வோம். 'சன்னின்' என்றால் மனிதர் மூவர். பூனை விலங்கு எண்ணிக்கையிலிருந்து மனித எண்ணிக்கைக்கு வந்துவிட்டது. கதையின் திருப்பமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அலகுச் சொற்கள் வெறும் ஒட்டு என்று நம்புபவர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆங்கிலத்தில் இந்த மாற்றத்தைச் சுமக்க அலகுச் சொல் இல்லை, ஆனால் 'அஸ்' இருக்கிறது. முதலில் 'த டூ ஆஃப் அஸ் அண்ட் எ கேட்', பின்னர் 'த த்ரீ ஆஃப் அஸ்'. பூனை 'அஸ்' என்பதற்கு வெளியிலிருந்து உள்ளே வருகிறது. மூலத்தில் நடப்பதும் அதுதான். ஆனால் முதல் வரியைச் சரியாக அமைத்திருந்தால் மட்டுமே இரண்டாவது வரி எடுபடும். 'வீ ஹேவ் எ கேட்' என்று தொடங்கியிருந்தால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது. இதன் மறுபக்கமும் உண்டு: ஒரு பாத்திரம் எதிரிகளைப் பார்த்து 'சம்பிக்கி' என்று எண்ணினால் அது வசை. அங்கே 'த்ரீ மென்' என்பது மூலத்தின் நஞ்சை வடித்துவிடும். 'த்ரீ ஆஃப் தோஸ் ராட்ஸ்' போன்ற ஏதாவது ஒன்று வேண்டும்.

சீனத்தில் மரியாதையும் இந்த வழியாக வரும். ஆளைச் சுட்டும்போது 'நா கெ' என்றால் சாதாரணமாக அந்த ஆள். 'நா வெய்' என்றால் அவரை மதித்துச் சொல்வது. கூட்டத்தை எண்ணும்போது 'சுன்' நடுநிலையானது, 'பாங்' என்றால் பெரும்பாலும் ஏளனம் கலந்த கும்பல். உணவகத்தில் பணியாளர் எத்தனை பேர் என்பதை 'ஜி வெய்' என்று கேட்பதிலும் மரியாதை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எ டேபிள் ஃபார் ஹௌ மெனி' என்றால் போதும், ஏனெனில் அந்த மரியாதை அந்த இடத்தின் வழக்கத்திலேயே அடங்கிவிடுகிறது. அதே 'வெய்'யை ஒரு பாத்திரம் இன்னொருவரைக் குத்திக்காட்டப் பயன்படுத்தும்போது மட்டும் 'ஜென்டில்மன்' என்ற சொல்லுக்கு வேலை வருகிறது.

உண்மையான அளவைச் சொற்களில் நடைக்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். ஜப்பானியச் சமையல் குறிப்புகளில் அரிசி 'கோ' என்ற அளவில் வரும். ஒரு கோ 180 மில்லிலிட்டர், அரிசியின் எடையில் ஏறக்குறைய 150 கிராம். இரண்டு கோ என்பதை 'டூ கப்ஸ்' என்று எழுதுபவர்கள் பலர். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் என்பதால், அதை நம்பிச் சமைப்பவர் 360-க்குப் பதில் 480 மில்லிலிட்டர் அரிசி போடுவார், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். காய்கறியும் சோயா சாஸும் சேர்த்து வேகவைக்கும் 'தகிகொமி கோஹான்' குறிப்பில், குக்கரின் உள்பாத்திரத்தில் 2 என்று குறித்த கோடு வரை நீர் ஊற்றச் சொல்லியிருக்கும். அரிசி கூடி, நீரும் சாஸும் பழைய அளவிலேயே இருப்பதால் சோறு விறைத்து, சப்பென்று வரும். சமைத்தவர் குக்கரைத் திட்டுவார். '300 கிராம்' என்றோ, குக்கரோடு வரும் 180 மில்லிலிட்டர் கப் இரண்டு என்றோ எழுத வேண்டும். அதே குறிப்பில் குழம்புக்குக் 'கப்பு' என்று வந்தால் அது 200 மில்லிலிட்டர், மூன்றாவதாக ஓர் அளவு. சீன 'ஜின்' இன்னும் ஆபத்தானது: சீனப் பெருநிலத்தில் 500 கிராம், தைவானில் 600. கதை எங்கே நடக்கிறது என்று பார்க்காமல் அதை மாற்றவே கூடாது.

அலகுச் சொல்லே பேசுபொருளாகிவிடும் இடங்களில்தான் எந்த வழியும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. ஜப்பானியக் குழந்தைகள் எதை எண்ணினாலும் 'கோ' என்று சொல்லிவிடுவதுண்டு (இது அரிசி அளக்கும் நீண்ட 'கோ' அல்ல, சிறு பொருள்களை எண்ணும் குறுகிய ஒலி). ஒரு குழந்தை ஆட்களை 'சன்கோ' என்று எண்ணுகிறது, பாட்டி சிரித்துக்கொண்டே 'சன்னின்' என்று திருத்துகிறாள். இதற்கு அடிக்குறிப்பு போட்டால் சிரிப்பு போய்விடும். நானாக இருந்தால் குழந்தையை 'த்ரீ மேன்ஸ்' என்று சொல்லவைத்து, பாட்டியை 'த்ரீ மென்' என்று திருத்தவைப்பேன். ஜப்பானிய இலக்கணப் பிழை போய் ஆங்கிலப் பிழை வந்திருக்கும். ஆனால் நான்கு வயதுக் குழந்தை பேசுவதும், பாட்டி சிரிப்பதும் அப்படியே இருக்கும்.