'செகண்ட் ஹாஃப் லேக்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் நடந்த ஸ்கிரிப்ட் வாசிப்பைப் பற்றி எல்லோரும் எழுதி முடித்துவிட்டீர்கள். அதன் கீழே வந்த கமெண்ட்டுகளையும் படித்தேன். பூம்பாறைத் தம்பியின் கதையைக் கேட்டுவிட்டுப் பத்தில் எட்டு பேர் சொன்னது ஒரே வரிதான்: "செகண்ட் ஹாஃப் லேக் அடிக்குது, இருபது நிமிஷம் வெட்டு." ஒருவர் மட்டும் இன்னொரு படி மேலே போய், "மலையில இருக்கிறவங்களுக்கு எல்லாமே மெதுவாத்தானே நடக்கும்" என்றார். அதற்குச் சிரிப்பும் எழுந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் "20 நிமிஷம்" என்று எழுதிக்கொண்டான். அதைப் பார்த்ததிலிருந்து மனசே ஆறவில்லை.

செகண்ட் ஹாஃப் இழுத்தது உண்மைதான். ஆனால் அந்த இழுவைக்குக் காரணம் செகண்ட் ஹாஃபில் கிடையாது. முதல் அரைமணி நேரத்தில் இருக்கிறது. அங்கே கை வைக்காமல் பின்னால் எத்தனை நிமிடம் வெட்டினாலும் இழுவை போகாது.

புதிதாக எழுத வருகிறவர்களுக்காக அடிப்படையிலிருந்தே சொல்கிறேன். ஒரு முழுநீளப் படத்தை மூன்று அங்கமாகப் பார்ப்பது பழைய வழக்கம். 1979-ல் அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர் சிட் ஃபீல்ட் தன் புத்தகத்தில் அதைப் பக்கக் கணக்காகச் சொன்ன பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 120 பக்க ஸ்கிரிப்ட் என்றால் முதல் அங்கம் ஏறத்தாழ 30 பக்கம், நடு அங்கம் 60, கடைசி 30. ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம். முதல் அங்கத்தின் முடிவில் முக்கியப் பாத்திரம் திரும்பிப் போக முடியாத ஒரு முடிவை எடுக்கும். நடு அங்கத்தின் நட்டநடுவில் கதையின் அர்த்தமே மாறுகிற மாதிரி ஒன்று நடக்கும். அந்த அங்கம் முடியும்போது எல்லாம் கைவிட்டுப் போகும். மிச்சம் 30 பக்கத்தில் கணக்குத் தீரும். நம் ஊரில் நடுவே இடைவேளை இருப்பதால், அந்த நடுத் திருப்பம் பெரும்பாலும் இன்டர்வெல் பிளாக்காக வந்து உட்கார்ந்துகொள்கிறது. படம் இரண்டரை மணி நேரம் என்றால் இதே விகிதத்தைப் பெருக்கிக்கொள்ளுங்கள். முதல் முடிவு 37-வது நிமிடத்தை ஒட்டியும் இடைவேளை 75-ஐ ஒட்டியும் வரும்.

இந்த எண்களுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? பார்ப்பவர் மனதில் எப்போதும் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு திருப்பமும் அந்தக் கேள்வியை மாற்றிவிடுகிறது. ஒரே கேள்வியோடு அவரை எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறோம் என்பதுதான் வேகம். அடுக்கம் ரோட்டில் இறங்கியவர்களுக்குத் தெரியும். வளைவுக்கு வளைவு வண்டி மெதுவாகத்தான் போகும், யாருக்கும் தூக்கம் வராது. கீழே நேர்ச்சாலைக்கு வந்து வண்டி வேகம் எடுத்த பிறகுதான் கண் சொக்கும்.

இப்போது தம்பியின் ஸ்கிரிப்ட்டுக்கு வருகிறேன். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கதை எளிமையானது. பூம்பாறையில் ஒரு பெண், பூங்கொடி. அப்பா படுத்த படுக்கை. முதல் 12 பக்கம் அவர்கள் வீடு, வயல், மலைப்பூண்டு அறுவடை. 12-ம் பக்கத்தில் மண்டிக்காரரின் ஆள் வந்து, அப்பா வாங்கின இரண்டு லட்சம் முன்பணத்தை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரச் சொல்கிறான். இது வரை அருமை. 12-ம் பக்கத்தில் சிக்கல் வந்தாயிற்று, அது வரவேண்டிய இடம்தான்.

அதற்கப்புறம் 34 பக்கம் அவள் கடன் கேட்டு அலைகிறாள். மாமாவிடம், பக்கத்து வீட்டில், சங்கத்தில், கோயில் தர்மகர்த்தாவிடம், பள்ளித் தோழியிடம். ஒவ்வொரு காட்சியும் தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஐந்து காட்சியிலும் பார்ப்பவர் கேட்பது ஒன்றையேதான்: "பணத்துக்கு என்ன பண்ணப் போறா?" பூண்டை நானே வத்தலக்குண்டு போகாமல் அடுக்கம் வழியாக வடுகபட்டி சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறேன் என்று அவள் மூட்டையை பிக்கப்பில் ஏற்றுவது 46-ம் பக்கத்தில். இருக்கவேண்டியது 28, 30-ல்.

இந்தப் பதினாறு பக்கத் தாமதம் என்ன செய்கிறது பாருங்கள். 46-ல் கிளம்பினால் 60-ல் இடைவேளை வந்துவிடும். வழியில் இருப்பது மண்சரிவு மட்டும்தான், அதனால் இடைவேளை மண்சரிவில் விழுகிறது. மண்சரிவு கண்ணுக்குப் பெரிது. கேள்விக்கு ஒன்றும் செய்யவில்லை. "போய்ச் சேருவாளா?" என்று கேட்டபடி டீ குடிக்கப் போனவர், திரும்பி வந்தும் அதையேதான் கேட்கிறார். 64-ல் அவள் சேர்ந்தும் விடுகிறாள். பிறகு 40 பக்கம் மண்டியில் மூன்று வியாபாரிகள், மூன்று பேரும் ஒரே மாதிரி மறுக்கிறார்கள். எல்லோரும் "லேக்" என்றது இந்த 40 பக்கத்தை. அப்பா அறுவடை முழுவதையும் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார் என்ற பத்திரம், இந்தக் கதையிலேயே பெரிய விஷயம் அதுதான், 104-ம் பக்கத்தில் வெளியே வருகிறது. மிச்சம் 16 பக்கம். அதற்குள் மழை, மூட்டை நனைவது, சண்டை, முடிவு. "கிளைமாக்ஸ் அவசரம்" என்று அதே ஆட்கள் அடுத்த மூச்சில் சொன்னார்கள். நடு இழுவையும் கடைசி அவசரமும் ஒரே தவறின் இரண்டு முனைகள். முன்னால் 16 பக்கம் தாமதம், அது பின்னால் வந்து இடிக்கிறது. இதை அங்கே யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

சரி, மூன்று வியாபாரிகளை ஒருவராகக் குறைத்து இருபது நிமிடம் வெட்டினால்? படம் 100 நிமிடம் ஆகும். கிளம்புவது அதே 46-ல். அதாவது பாதிப் படம் போகிற வரைக்கும் அவள் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. முன்பைவிட மோசமாக இழுக்கும், கூடவே மண்டி என்கிற உலகமும் போய்விடும். இது எடிட்டிங் டேபிளில் அடிக்கடி நடப்பதுதான். இழுக்கிற இடத்தை வெட்டுவார்கள், இழுவை அதற்கு முந்தின காட்சிக்கு நகரும்.

ஒரு பக்கமும் குறைக்காமலே இதைச் சரிசெய்யலாம். கடன் கேட்கும் ஐந்து காட்சியில் இரண்டு போதும். மாமா மறுப்பதால் ஒரு கதவு சாத்தப்படுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் பணம் தராமல் பிக்கப்பைத் தருவதால் ஒரு வழி திறக்கிறது. மற்ற மூன்றும் எதையும் மாற்றவில்லை. 28-ல் மூட்டை ஏறட்டும். 42-ல் மண்சரிவு. 58-ல் வடுகபட்டி. 60-ல் மண்டிக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து அப்பாவின் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை அவள் முன்னால் வைக்கிறார். இடைவேளை. "போய்ச் சேருவாளா" என்ற கேள்வி செத்து, "இந்தப் பூண்டு யாருடையது, அப்பா ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி பிறக்கிறது. டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளவும் விஷயம் இருக்கும்.

மூன்று வியாபாரிகளும் இருக்கட்டும். மூன்று தடவை மறுப்பது மட்டும் வேண்டாம். முதலாமவர் பத்திரத்தைப் பார்த்து ஒதுங்குகிறார். இரண்டாமவர் ராத்திரியோடு ராத்திரியாகப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வேன் என்கிறார். மூன்றாமவர் முழு விலை தருவார், அடுத்த வருட அறுவடையையும் தன் பேருக்கு எழுதினால். அப்பா விழுந்த அதே குழியில் மகளைக் கூப்பிடுகிறார். ஒவ்வொரு கதவுக்கும் விலை ஏறுகிறது. 90-ல் மழை, மூட்டைகள் நனைகின்றன. மிச்சம் 30 பக்கம் முழுசாகக் கையில் இருக்கிறது. அதே 120 பக்கம்தான்.

"இது வெளிநாட்டு ஃபார்முலா, நம் கதைக்கு எதற்கு" என்று கேட்பவர்களிடம் எனக்கு வாதம் இல்லை. 28 என்பது 26 ஆகட்டும், 33 ஆகட்டும். யாரும் ஸ்டாப்வாட்ச் வைத்துத் தண்டிக்கப் போவதில்லை. 46 ஆகும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் மேலே காட்டினேன்.

"மெதுவான நல்ல படங்களே இல்லையா" என்ற கேள்வி நியாயமானது. இருக்கின்றன. மெதுவுக்கும் இழுவைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தம்பியின் ஸ்கிரிப்ட்டிலேயே, பூண்டைக் கட்டுக்கட்டாகப் பின்னித் தொங்கவிடும் காட்சி நான்கு நிமிடம், வசனமே கிடையாது. 9-ம் பக்கத்தில் அது தகவல் மட்டும். அதையே 26-ல், மாமா மறுத்து அவள் வீட்டுக்குத் திரும்பிய ராத்திரிக்கு நகர்த்துங்கள். கட்டுகளைப் பின்னுவதற்குப் பதில் அவிழ்த்து மூட்டையில் போடுகிறாள், அப்பா படுக்கையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதே நான்கு நிமிடம். யாரும் அசைய மாட்டார்கள், ஏனென்றால் அவள் முடிவெடுத்துவிட்டாளா என்று கண்டுபிடிப்பதில் மும்முரமாக இருப்பார்கள். காட்சியின் நீளத்தைக் குறைத்து இதைச் சாதிக்க முடியாது.

கண்டுபிடிக்கும் வழியும் சொல்லிவிடுகிறேன். காட்சிக்கு ஒரு அட்டை. மேலே பக்க எண், கீழே ஒரே வரி: இந்தக் காட்சி முடியும்போது பார்ப்பவர் கேட்கும் கேள்வி என்ன. சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். அடுத்தடுத்து மூன்று அட்டையில் ஒரே வரி வந்தால் இழுவை அங்கேதான். பிறகு சுவரின் இடது கோடிக்குப் போய், முதல் பெரிய முடிவு எந்தப் பக்கத்தில் என்று பாருங்கள். தமிழில் எழுதும்போது பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு தப்பலாம். வசனப் பக்கம் சீக்கிரம் ஓடிவிடும், "மண் சரிகிறது" என்ற இரண்டே சொல் திரையில் இரண்டு நிமிடம் எடுக்கும். அதனால் வாய்விட்டுப் படித்து, போனில் நேரம் பார்த்து அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

"எதுக்கு இவ்வளவு கோபம், நல்லதுக்குத்தானே சொன்னோம்" என்பீர்கள். வெட்டு என்று சொல்ல ஒரு நொடி போதும், எங்கே, ஏன் என்று சொல்லத்தான் உழைப்பு வேண்டும். கொடைக்கானலுக்கு இரண்டு நாள் வந்து பனியில் ஒரு பாட்டு எடுத்துக்கொண்டு போகிற யூனிட்டுகளை வருடாவருடம் பார்க்கிறோம். அவர்களுக்கு ஏரியும் பைன் மரமும் போதும். பூம்பாறையிலிருந்து ஒருவன் பூண்டையும் முன்பணத்தையும் மண்டியையும் எழுதிக்கொண்டு வந்தால், அவனிடம் "ஒரு மிஸ்ட் சாங் வச்சா செகண்ட் ஹாஃப் நிக்கும்" என்கிறீர்கள். 62-ம் பக்கத்தில் பாட்டு வைத்தால் பழைய கேள்வியோடு இன்னும் நாலரை நிமிடம் உட்கார வைக்கிறீர்கள், அவ்வளவுதான். "மலையில எல்லாம் மெதுவாத்தானே" என்றவருக்கும் சொல்கிறேன், அந்தக் கதையில் ஒரு பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் இருக்கிறது. மெதுவாக நடப்பதற்கு அவளுக்கு வசதி இல்லை.

தம்பி நோட்டில் இருந்த "20 நிமிஷம்" என்பதை அடித்துவிட்டு "28" என்று எழுதியிருக்கிறான். அடுத்த வாசிப்புக்குத் திருத்திய முதல் 30 பக்கம் வரும். அப்போதும் லேக் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், பக்க எண்ணோடு சொல்லுங்கள்.