அரை சென்ட் திடலும் ஆறு ஏக்கர் மஞ்சளும்

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வந்துவிடும். ஒருவர், சொட்டுநீர் போட்டால் மகசூல் கூடும் என்று ஆராய்ச்சி நிலையத்திலேயே காட்டிவிட்டார்கள் என்பார். இன்னொருவர், "அங்கெல்லாம் வருமுங்க, நம்ம காட்டுல வராதுங்க" என்பார். அவர் படிக்காதவர், அதனால் நம்பவில்லை என்று முதலாமவர் முடிவு கட்டிவிடுவார். எனக்கென்னவோ இருவர் சொல்வதும் சரிதான் என்று படுகிறது. இருவரும் பதில் சொல்லும் கேள்விகள்தான் வேறு வேறு.

நிலையத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரு வயலில் மேட்டுப்பக்கம் மண் ஒரு மாதிரி, பள்ளப்பக்கம் ஒரு மாதிரி. சொட்டுநீரை வளமான பக்கத்தில் போட்டு, வாய்க்கால் பாய்ச்சலை மேட்டில் போட்டால் ஜெயித்தது மண்ணா குழாயா என்று தெரியாது. அதனால் வயலை மேட்டிலிருந்து பள்ளம் வரை, சரிவுக்குக் குறுக்காக, பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் சிறு சிறு திடல்களாக்கி, அதற்குள் எந்தத் திடலுக்கு எந்தப் பாசனம் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். ஒரே விதைக்கிழங்கு, ஒரே நாளில் நடவு. ஓரத்துச் செடிக்கு வெயிலும் இடமும் கூடுதல் என்பதால் ஓரத்து வரிசைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இவ்வளவும் செய்தபின் வித்தியாசம் வந்தால், அது பாசனத்தால் வந்த வித்தியாசம் என்று தைரியமாகச் சொல்லலாம். இதைத்தான் அக ஏற்புடைமை என்கிறார்கள். இதில் எனக்குக் குறையே இல்லை.

ஆனால் அறுவடை செய்யும் திடல் 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வையுங்கள். 20 சதுர மீட்டர், அதாவது அரை சென்ட். ஏக்கருக்குக் கணக்குப் போட அதை ஏறக்குறைய 200 ஆல் பெருக்க வேண்டும். திடலில் ஒரு கிலோ கூடக்குறையப் போனால் ஏக்கருக்கு இரண்டு குவிண்டால். இதுகூடப் பெரிதில்லை, திடல்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வேறு. அந்த அரை சென்ட்டில் கேட்டபோது தண்ணீர் இருந்தது, களை முளைத்ததும் எடுக்க ஆள் இருந்தது, அடைத்த குழாயை அன்றைக்கே பார்க்க ஒருவர் இருந்தார். சோதனையைச் சுத்தமாக வைத்திருந்ததே இவைதான். சீட்டுக் குலுக்கியது திடல்களை மட்டும்தான், கிணறுகளை அல்ல.

சிவகிரிப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு ஆறு ஏக்கர். கிணற்றுத் தண்ணீர் சப்பைத் தண்ணீர், பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளையாகப் படியும். அதே சுண்ணாம்பு சொட்டுவானின் வாயிலும் படிகிறது. குழாயின் தலைப்பில் ஒரு டம்ளர், கடைசியில் ஒரு டம்ளர் வைத்து ஒரே நேரம் பிடித்துப் பார்த்தோம். கடைக்கோடி டம்ளர் பாதிகூட நிறையவில்லை. அங்கே இருந்த செடிகளைப் பொறுத்தவரை சொட்டுநீர் என்பது பெயரளவில்தான். ஆசிட் விட்டுக் கழுவலாம், ஆனால் அதைத் தவறாமல் செய்ய ஆள் வேண்டும். "பைப்புக்கு மானியம் குடுத்தாங்க கண்ணு, கழுவறதுக்கு ஆளு குடுக்கலயே" என்றார் பெரியப்பா. மும்முனை மின்சாரம் பாதி நேரம் ராத்திரியில் வருவதால், அடைப்பை யாரும் பார்க்காமலேயே மோட்டார் ஓடி முடிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலையத்தில் கண்ட வித்தியாசம் வேறு காட்டிலும் வருமா என்பதைப் புற ஏற்புடைமை என்கிறார்கள். காட்டில் மகசூல் குறைவாக வந்துவிட்டது என்பதாலேயே அது புற ஏற்புடைமைப் பிரச்சினை ஆகிவிடாது. இரண்டு பாசனத்திலும் ஒரே அளவு குறைந்தால் சொட்டுநீரின் லாபம் அப்படியே நிற்கும். பிரச்சினை, அந்த வித்தியாசமே மாறுவது. பெரியப்பா காட்டில் அது சுருங்கியது. வாய்க்கால் கடைமடையில், பாய்ச்சலுக்கே தண்ணீர் பத்தாத காட்டில், கிணறு மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால் அதே சொட்டுநீர் நிலையத்தில் காட்டியதைவிட அதிக லாபம் காட்டலாம். "நம்ம காட்டுல வராதுங்க" என்பவர் இதை மறந்துவிடுகிறார்.

தண்ணீர் மிச்சமாகும் என்ற வாதமும் இப்படித்தான். திடலில் மிச்சமான தண்ணீர் மிச்சம்தான், ஏனென்றால் திடல் வளராது. காட்டில் மிச்சமான தண்ணீருக்கு அடுத்த வருடம் இன்னும் ஒரு ஏக்கர் சேர்ந்துவிடும். விவசாய மின்சாரத்துக்குப் பில்லும் கிடையாது. கிணற்று மட்டம் ஏன் ஏறும்?

கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஒரு ரகத்தை வெளியிடும் முன் பல ஊர்களிலும், பிறகு விவசாயிகள் நிலத்திலும் போட்டுப் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் விவசாயி நிலம் என்று யாருடைய நிலம் சிக்கும்? பெரும்பாலும் ரோட்டோரம், தண்ணீர் வசதியோடு, அதிகாரி கூப்பிட்டால் போன் எடுக்கும் முன்னோடி விவசாயியின் நிலம். அது பாதி நிலையம் மாதிரிதான்.

அடுத்த முறை யாராவது சோதனை முடிவைக் காட்டினால் நான் முதலில் கேட்கப்போவது எத்தனை சதவீதம் என்று அல்ல. அங்கே கிணற்றுத் தண்ணீர் எப்படி, குழாயை யார் கழுவினார்கள், எடை போட்டது பச்சைக் கிழங்கா, வேகவைத்துக் காயவைத்த மஞ்சளா என்று கேட்பேன். மார்க்கெட்டில் காய்ந்ததற்குத்தானே விலை. பெரியப்பா இந்த வைகாசியில் ஒரே வயலில் நாலு பார் சொட்டுநீர், நாலு பார் பாய்ச்சல் என்று கலந்து நடுவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தப் பாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கும் வேலை எனக்கு.